சதவீதம் சரி, நாள்தான் தப்பு

உடன்குடியில் கருப்பட்டி வாங்குவது ஒரு பருவம், விற்பது இன்னொரு பருவம். பங்குனி, சித்திரை, வைகாசியில் பனை பதநீரை அள்ளிக் கொடுக்கும். அந்த மாதங்களில் காய்ச்சி வரும் கருப்பட்டியை வியாபாரி கையில் காசு கொடுத்து வாங்கிக் குடோனில் அடுக்குகிறார். பனையேறுகிறவருக்குப் பருவம் தொடங்கும் முன்பே முன்பணம் கொடுத்திருப்பார். பதநீர் நின்று விலை ஏறும்வரை அவருடைய பணம் முழுவதும் சரக்காக முடங்கிக் கிடக்கும். மழை தொடங்கினால் கருப்பட்டி ஈரம் இழுத்துக் கசியும் என்பதால், அதிக நாள் வைத்திருக்கவும் முடியாது.

இந்த வியாபாரத்துக்கு வாங்கும் கடன் பெரும்பாலும் ஆறு, ஏழு மாதக் கடன்தான். சரக்கு பத்து நாள் முன்னதாக விற்றால் பத்து நாள் வட்டி மிச்சம். தாமதமானால் அத்தனை நாள் வட்டியும் லாபத்திலிருந்து போகும். அதனால்தான் மண்டிகளில் பேரேடு எழுதிய பழைய கணக்கப்பிள்ளைகள் கடன் சீட்டைக் கையில் வாங்கியதும் முதலில் தேதியைப் பார்த்தார்கள். எத்தனை ரூபாய் வட்டி என்பது பேசி முடித்த சங்கதி. எத்தனை நாளுக்கு வட்டி என்பதுதான் ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டிய சங்கதி.

அந்தப் பழக்கம் இன்றைக்கும் எவ்வளவு தேவை என்பதை ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. 2024 ஏப்ரல் 29 அன்று வங்கிகள், கூட்டுறவு வங்கிகள், நிதி நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் அது ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. 2023 மார்ச் 31 வரையிலான காலத்துக்கு நேரடி ஆய்வு செய்தபோது, சில நிறுவனங்கள் வட்டி வசூலிக்கும் முறையில் நியாயமற்ற வழக்கங்கள் இருப்பதைக் கண்டதாக அதில் எழுதியிருந்தது. அந்த வழக்கங்கள் எவையும் வட்டி விகிதத்தைப் பற்றியவை அல்ல. கடன் கொடுத்த நாளுக்கு முன்பே வட்டியைத் தொடங்குவது, அடைத்த பிறகும் வட்டியை ஓட விடுவது, கையில் இல்லாத பணத்துக்கு வட்டி போடுவது ஆகியவைதான் அவை.

ஒப்பந்தத்தில் 12 சதவீதம் என்று எழுதியிருக்கும். ரசீதிலும் 12 சதவீதம் என்றே அச்சாகியிருக்கும். ஆனால் கட்டிய பணத்தை வைத்துப் பார்த்தால் 14 சதவீதம் ஆகியிருக்கும். இது எப்படி நடக்கிறது, ஒரு கணக்கப்பிள்ளை இதை எப்படிக் கண்டுபிடிப்பார் என்பதை ஒரே ஒரு கடனை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

ஒரு கடன், ஏழு வரி

கணக்கு விளங்குவதற்காக நாம் அமைத்துக்கொள்ளும் கடன் இது. ஆளும் நிறுவனமும் கற்பனை. இதில் வரும் பிழைகள் ஒவ்வொன்றும் நடைமுறையில் இருப்பவை.

உடன்குடி பஜாரில் ஒரு கருப்பட்டி மண்டி. மண்டியின் இளைய முதலாளி சரக்கு பிடிக்க ஒரு நிதி நிறுவனத்தில் 5,00,000 ரூபாய் கடன் கேட்கிறார். ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி, ஆண்டுக்கு 365 நாள் கணக்கு. 2025 மார்ச் 3 திங்கட்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார். பத்திரம், காப்பீடு, ஒப்புதல் என்று இழுத்து, பணம் அவருடைய வங்கிக் கணக்கில் ஏறுவது மார்ச் 11 செவ்வாய்க்கிழமை. ஜூன் 16 அன்று கொஞ்சம் சரக்கு விற்ற பணத்தில் 2,00,000 ரூபாய் அசலைக் கட்டுகிறார். மீதி 3,00,000 ரூபாயைச் செப்டம்பர் 10 அன்று கட்டிக் கடனை முடிக்கிறார். வட்டியை மாதாமாதம் கட்டிவந்ததால் வட்டிக்கு வட்டி கிடையாது. முன்கூட்டி அடைப்பதற்குத் தனிக் கட்டணமும் இல்லை.

கடன் முடிந்ததும் நிறுவனம் கொடுத்த கணக்குச் சீட்டில் ஏழு வட்டி வரிகள் இருக்கின்றன:

மார்ச்: ரூ. 4,767.12
ஏப்ரல்: ரூ. 4,931.51
மே: ரூ. 5,095.89
ஜூன்: ரூ. 4,931.51
ஜூலை: ரூ. 3,057.53
ஆகஸ்ட்: ரூ. 3,057.53
செப்டம்பர்: ரூ. 2,958.90

பைசாவைச் சரிக்கட்டி மொத்தம் 28,800 ரூபாய். மண்டியில் அப்பா காலத்திலிருந்து பேரேடு எழுதும் கணக்கப்பிள்ளையிடம் சீட்டு வருகிறது. முதலாளி ஏற்கெனவே கூட்டிப் பார்த்துவிட்டார். கூட்டல் சரி.

"எல்லாம் சரியாத்தான இருக்கு அண்ணாச்சி? ஒரு ரூபா வட்டி, அதுல மாத்தம் இல்லையே."

"வட்டி சரிதான் தம்பி. எத்தன நாளைக்குப் போட்டிருக்கான்னு பாத்தியளா?"

முதலாளி பார்க்கவில்லை. சீட்டில் நாள் என்றொரு கட்டமே இல்லை. மாதத்தின் பெயரும் தொகையும்தான் இருக்கின்றன. கணக்கப்பிள்ளையின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

வட்டியிலிருந்து நாளுக்குத் திரும்பிப் போவது

நாம் எல்லோரும் நாளை வைத்து வட்டி போடப் படித்திருக்கிறோம். தணிக்கைக்கு அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். போட்டிருக்கும் வட்டியை எடுத்து, அது எத்தனை நாளுக்கான வட்டி என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத் தேவை ஒரே ஓர் எண்தான், அந்தக் கடனின் ஒரு நாள் வட்டி.

5,00,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் 60,000 ரூபாய். அதை 365-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 164.38 ரூபாய். 3,00,000 ரூபாய்க்கு அதே முறையில் 98.63 ரூபாய். இந்த இரண்டு எண்களையும் சீட்டின் தலையில் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் அதனால் வகுத்துக்கொண்டே போகலாம்.

ஏப்ரல் வரியை 164.38-ஆல் வகுத்தால் 30 வருகிறது. ஏப்ரலுக்கு முப்பது நாள். சரி. மே மாதத்துக்கு 31 வருகிறது. அதுவும் சரி. ஜூலை, ஆகஸ்ட் வரிகளை 98.63-ஆல் வகுத்தால் 31, 31. அவையும் சரி. நடுவில் இருக்கும் முழு மாதங்களில் பிழை இருப்பது அபூர்வம். பிழை குடியிருப்பது கடன் தொடங்கும் மாதத்தில், அசல் குறையும் மாதத்தில், கடன் முடியும் மாதத்தில். அந்த மூன்று இடங்களையும் பிரித்துப் பார்க்கிறவருக்கு வேறெதையும் பார்க்கவேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.

மார்ச் வரியை வகுத்தால் 29 வருகிறது. பணம் கணக்கில் ஏறியது 11-ஆம் தேதி. 12 முதல் 31 வரை எண்ணினால் இருபதே நாள். ஒன்பது நாள் அதிகம். 29 எங்கிருந்து வந்தது? கையெழுத்துப் போட்ட 3-ஆம் தேதியிலிருந்து, அந்தத் தேதியையும் சேர்த்து எண்ணினால் 29. ஆக இங்கே ஒன்றல்ல, இரண்டு பிழைகள் இருக்கின்றன. பணம் வராத எட்டு நாளுக்கு வட்டி போட்டது ஒன்று. முதல் நாளையும் கடைசி நாளையும் சேர்த்து எண்ணியது இரண்டாவது.

ஜூன் வரியை வகுத்தால் 30 வருகிறது. அதாவது மாதம் முழுவதும் ஐந்து லட்சத்துக்கு வட்டி ஓடியிருக்கிறது. ஆனால் 16-ஆம் தேதியே இரண்டு லட்சம் திரும்பிவிட்டது. பதினாறு நாள் ஐந்து லட்சத்துக்கும், மீதிப் பதினான்கு நாள் மூன்று லட்சத்துக்கும் போட்டிருந்தால் 4,010.96 ரூபாய்தான் வரும். அசல் குறைந்ததை நிறுவனம் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்துதான் கணக்கில் எடுத்திருக்கிறது.

செப்டம்பர் வரியை 98.63-ஆல் வகுத்தால் மறுபடியும் 30. கடன் முடிந்தது 10-ஆம் தேதி. கடனே இல்லாத இருபது நாளுக்கு வட்டி வாங்கியிருக்கிறார்கள்.

4,372 ரூபாய் 60 பைசா

இப்போது சரியான கணக்கு. மார்ச் 11 முதல் ஜூன் 16 வரை: மார்ச்சில் 20, ஏப்ரலில் 30, மே மாதத்தில் 31, ஜூனில் 16. மொத்தம் 97 நாள், ஐந்து லட்சத்துக்கு. ஜூன் 16 முதல் செப்டம்பர் 10 வரை: ஜூனில் 14, ஜூலையில் 31, ஆகஸ்டில் 31, செப்டம்பரில் 10. மொத்தம் 86 நாள், மூன்று லட்சத்துக்கு. முதல் பகுதிக்கு வட்டி 15,945.21 ரூபாய். இரண்டாம் பகுதிக்கு 8,482.19 ரூபாய். இரண்டும் சேர்ந்து 24,427.40 ரூபாய்.

வாங்கியது 28,800. அதிகம் வாங்கியது 4,372.60. இது எந்தெந்தப் பிழையால் வந்தது என்றும் பிரிக்கலாம். பணம் வருமுன் ஓடிய எட்டு நாளால் 1,315.07. முதல் நாள், கடைசி நாள் இரண்டையும் சேர்த்ததால் 164.38. ஜூனில் குறைந்த அசலைக் கண்டுகொள்ளாததால் 920.55. செப்டம்பரை முழு மாதமாக எடுத்ததால் 1,972.60. கூட்டினால் பைசா பிசகாமல் அதே தொகை வருகிறது. கணக்கப்பிள்ளைக்கு இந்தக் கடைசிக் கூட்டல் முக்கியம். வித்தியாசத்தை முழுவதும் விளக்க முடிந்தால்தான் பிழையை முழுவதும் பிடித்தோம் என்று அர்த்தம். ஐம்பது ரூபாய் விளங்காமல் நின்றால், இன்னும் ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது.

ஒரு நாள் வட்டி 164 ரூபாய் என்பது சின்னத் தொகையாகத் தெரியும். அதனால்தான் யாரும் அதைத் துரத்துவதில்லை. ஆனால் நியாயமாக வாங்கவேண்டிய வட்டியோடு ஒப்பிட்டால், அதிகம் வாங்கிய தொகை கிட்டத்தட்ட 18 சதவீதம். முதலாளி உண்மையில் பணத்தை வைத்திருந்த நாட்களுக்கு இந்த 28,800-ஐப் பரப்பிப் பார்த்தால், அவர் கட்டிய வட்டி ஆண்டுக்கு 14.15 சதவீதம். விகிதத்தில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல், தேதிகளை மட்டும் நகர்த்தி, கடனின் விலையை இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடிகிறது.

கடன் எவ்வளவு குறுகியதோ, இந்தப் பிழை அவ்வளவு கடுமையாக விழும். ஐந்தாண்டுக் கடனில் எட்டு நாள் கரைந்துபோகும். இரண்டு மாதக் கடனில் அது பெரிய பங்கு. நகையை அடகு வைத்து 50,000 ரூபாய் வாங்கி, ஒரு மாதம் கழிந்து இரண்டு மூன்று நாளில் மீட்கிறவரை நினைத்துப் பாருங்கள். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. 33 நாளுக்கு நாள் கணக்கில் போட்டால் 542.47 ரூபாய். ஒரு நாள் தாண்டினாலும் முழு மாதம் என்று இரண்டு மாத வட்டி வாங்கினால் 1,000 ரூபாய். அப்போது அந்த ஒரு ரூபாய் வட்டி ஆண்டுக்கு 22 சதவீதம் ஆகிவிடுகிறது. சின்னக் கடனை சின்னக் காலத்துக்கு வாங்குகிறவர்கள்தான் நாள் பிழையால் அதிகம் இழக்கிறார்கள். பெரும்பாலும் அவர்களிடம்தான் கணக்குப் பார்க்க ஆளும் இருப்பதில்லை.

ரிசர்வ் வங்கி கண்ட நான்கு வழக்கங்கள்

2024 சுற்றறிக்கை சொல்வதை நம் கடனோடு பொருத்திப் பார்த்தால் எல்லாம் எளிதாக விளங்கும். கடன் ஒப்புதலான நாளிலிருந்தோ ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலிருந்தோ வட்டி போடுவது முதல் வழக்கம். நம் கடனில் மார்ச் 3 அப்படி வந்ததுதான். காசோலையாகக் கொடுக்கும்போது, காசோலையில் எழுதிய தேதியிலிருந்து வட்டியை ஓட்டிவிட்டு, பல நாள் கழித்துக் காசோலையை வாடிக்கையாளர் கையில் கொடுப்பது இரண்டாவது; அதுவும் இதே குடும்பம். கடன் தொகையைக் காசோலைக்குப் பதில் நேரடியாக வங்கிக் கணக்குக்கு மாற்றும்படி ரிசர்வ் வங்கி நிறுவனங்களை ஊக்குவிப்பது இதனால்தான். கணக்கில் ஏறிய தேதியை யாரும் மாற்றி எழுத முடியாது.

மூன்றாவது, மாதத்தின் நடுவில் கடன் கொடுத்தாலும் அடைத்தாலும் முழு மாதத்துக்கும் வட்டி வாங்குவது. நம் கடனின் ஜூனும் செப்டம்பரும் இந்த வகை.

நான்காவது வழக்கம் நம் கடனில் இல்லை. ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட தவணைகளை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, முழுத் தொகைக்கும் வட்டி போடுவது அது. ஒரு லட்சம் கடன், முதல் தவணை 9,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 91,000 கொடுக்கிறார்கள் என்று வையுங்கள். வட்டி மட்டும் ஒரு லட்சத்துக்கு ஓடுகிறது. கையில் வராத ஒன்பதாயிரத்துக்கும் கடனாளி வட்டி கட்டுகிறார். இங்கே பிழை நாளில் இல்லை, தொகையில் இருக்கிறது. ஆனாலும் கண்டுபிடிக்கும் வழி ஒன்றுதான். உண்மையில் எவ்வளவு பணம், எத்தனை நாள் கையில் இருந்தது என்ற கேள்வியைக் கேட்க வேண்டும்.

இவை நியாயத்துக்கும் வெளிப்படைத்தன்மைக்கும் எதிரானவை என்று சொன்ன ரிசர்வ் வங்கி, இவற்றைக் கண்ட இடங்களில் அதிகம் வாங்கிய வட்டியையும் கட்டணங்களையும் வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதாகவும் அதே சுற்றறிக்கையில் பதிவு செய்திருக்கிறது. ஆகவே இப்படிப்பட்ட கணக்கைக் கொண்டுபோய்க் கேட்பவர் சலுகை கேட்கவில்லை. தன் பணத்தைக் கேட்கிறார்.

முதல் நாளா, கடைசி நாளா?

இரண்டு முனைகளையும் சேர்த்து எண்ணும் பிழையைக் கொஞ்சம் தனியாகப் பார்க்க வேண்டும். கணக்கு தெரிந்தவர்களே இதில் தடுமாறுவதுண்டு. திங்கட்கிழமை வாங்கிச் செவ்வாய்க்கிழமை திருப்பினால் பணம் கையில் இருந்தது ஒரு நாள்தான். தேதியை விரல் விட்டு எண்ணினால் இரண்டு என்று வரும்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1897-ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, ஒரு தேதியிலிருந்து என்று சொன்னால் தொடக்க நாளை விலக்கவும், ஒரு தேதி வரை என்று சொன்னால் கடைசி நாளைச் சேர்க்கவும் வழி செய்கிறது. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டமும் இத்தனை நாளில் செலுத்துவது என்று எழுதிய புரோநோட்டின் முதிர்வு நாளைக் கணக்கிடும்போது, எழுதிய நாளை விலக்கச் சொல்கிறது. வங்கிகள் ஒவ்வொரு நாள் முடிவிலும் நிற்கும் பாக்கிக்கு வட்டி போடும்போது, பணம் கொடுத்த நாள் சேரும், திருப்பிய நாள் விலகும். எந்த முனையை விலக்கினாலும் நாட்களின் எண்ணிக்கை ஒன்றுதான். இரண்டையும் சேர்ப்பதுதான் தவறு.

தனிப்பட்ட கைமாற்றுக் கடனில் இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். வட்டி விகிதம் எழுதிய புரோநோட்டுக்கு, அதில் போட்ட தேதியிலிருந்து வட்டி ஓடும் என்று அதே 1881 சட்டத்தின் 79-ஆம் பிரிவு சொல்கிறது. இன்று எழுதி வாங்கிக்கொண்டு அடுத்த வாரம் பணம் தருகிறேன் என்பவரிடம் கையெழுத்துப் போட்டால், அந்த வாரத்துக்கான வட்டியை நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். பணம் கைமாறும் நாளில்தான் நோட்டு எழுத வேண்டும்.

நாள் யார் பக்கம் சாயும்?

நாள் கணக்கு எப்போதும் பேரேட்டை வைத்திருப்பவர் பக்கமே சாயும் என்பதற்கு நம் சேமிப்புக் கணக்கின் சரித்திரமே சாட்சி. 2010 ஏப்ரல் 1-க்கு முன்பு சேமிப்புக் கணக்கில் மாதத்தின் 10-ஆம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையில் இருந்த மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. 11-ஆம் தேதி ஒரு லட்சம் போட்டவருக்கு அந்த மாதம் அந்தப் பணத்துக்கு வட்டியே கிடையாது. மாதம் முழுக்கப் பணத்தை வைத்திருந்துவிட்டு, கடைசி நாள் எடுத்தவரும் எடுத்த தொகைக்கு வட்டியை இழந்தார். சம்பளத்தைப் பத்துத் தேதிக்குள் கணக்கில் போட்டுவிட வேண்டும் என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் அவசரப்பட்டதன் காரணம் இதுதான். கணிப்பொறி வந்த பிறகு தினசரி இருப்புக்கு வட்டி போடுவதில் சிரமமில்லை என்பதால் ரிசர்வ் வங்கி அந்த விதியை மாற்றியது. வட்டி விகிதத்தில் கை வைக்காமலே, நாளை எண்ணும் முறையை மாற்றியதால் வைப்பாளர்களுக்குப் பணம் கூடியது.

உலகச் சந்தைகளிலும் இதே கதைதான். இங்கிலாந்துப் பவுண்டுக்கு ஆண்டை 365 நாளாகவும், அமெரிக்க டாலருக்கும் யூரோவுக்கும் 360 நாளாகவும் வைத்து வட்டி போடுவது பணச்சந்தையின் வழக்கம். 12 சதவீதக் கடனுக்கு 360-ஆல் வகுத்து 365 நாளுக்கும் வட்டி வாங்கினால், அது 12.17 சதவீதம் ஆகிவிடும். ஐந்து லட்சத்துக்கு ஆண்டுக்கு 833 ரூபாய் வித்தியாசம். ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு எத்தனை நாள் என்று எழுதியிருக்கிறதா எனப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

எது பிழை இல்லை?

சீட்டில் தெரியும் எல்லா வித்தியாசமும் பிழை ஆகிவிடாது. நல்ல கணக்கப்பிள்ளை கோபத்தோடு கிளம்புவதற்கு முன் சிலவற்றை விலக்கிப் பார்ப்பார்.

மாதத் தவணைக் கடன்களில், அதாவது வீட்டுக் கடன், வாகனக் கடன் போன்றவற்றில், ஆண்டு வட்டியைப் பன்னிரண்டால் வகுத்து ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரே அளவில் போடுவது பரவலான முறை. அங்கே பிப்ரவரிக்கும் மார்ச்சுக்கும் வித்தியாசம் இருக்காது. அந்தச் சீட்டில் நாள் வகுத்தலைச் செய்தால் தவறான முடிவுக்கு வருவோம். அத்தகைய கடனிலும் பணம் கொடுத்த நாளுக்கும் முதல் தவணைக்கும் இடையிலுள்ள உடைந்த நாட்களை மட்டும் எண்ணிப் பார்க்கலாம். வட்டி விகிதம் நடுவில் மாறியிருந்தால், மாறிய தேதியில் கணக்கைப் பிரிக்க வேண்டும். லீப் ஆண்டில் சிலர் 366-ஆல் வகுப்பார்கள். தவணை தவறியதற்கான அபராதக் கட்டணம் வட்டியோடு சேர்ந்து ஒரே வரியில் நிற்கிறதா என்றும் கேட்க வேண்டும்.

எளிய அடையாளம் ஒன்று உண்டு. வகுத்து வரும் விடை முழு எண்ணாக, 29, 30 என்று நின்றால் அது நாள் பிழையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 27.4 என்பதுபோல் பின்னமாக நின்றால், நடுவில் தொகையோ விகிதமோ மாறியிருக்கிறது, அல்லது வேறு கட்டணம் கலந்திருக்கிறது. முதல் வகையைக் கேட்டு வாங்கலாம். இரண்டாவது வகைக்கு முதலில் விளக்கம் கேட்க வேண்டும்.

கேட்பது எப்படி?

மண்டிக்குத் திரும்புவோம். கணக்கப்பிள்ளை நாள் கணக்கை ஒரே தாளில் எழுதி, மூன்று ஆதாரங்களைப் பின்னால் வைக்கிறார். பணம் ஏறிய தேதி காட்டும் வங்கிப் பாஸ்புத்தகப் பக்கம், ஜூன் 16 கட்டிய ரசீது, செப்டம்பர் 10 கடன் முடித்த ரசீது.

"இதக் கொண்டுபோயி சண்ட போடணுமா அண்ணாச்சி?"

"சண்ட எதுக்கு? மார்ச் மாசம் இருபத்தொம்பது நாளைக்கு வட்டி போட்டிருக்கிய, எங்களுக்குப் பணம் வந்தது பதினொண்ணாந் தேதின்னு எழுதிக் குடுங்க. பதில அவுகளே எழுதட்டும்."

இதுதான் சரியான வழி. அதிகம் வாங்கிவிட்டீர்கள் என்று பொதுவாகச் சொன்னால் பொதுவான பதில்தான் வரும். இந்த மாதம், இத்தனை நாள், இந்த ஆதாரம் என்று எழுத்தில் கேட்டால், கணக்கைத் திறந்து பார்ப்பதைத் தவிர நிறுவனத்துக்கு வேறு வழியில்லை. கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். 14448 என்ற எண்ணிலும் விவரம் கேட்கலாம்.

இந்தப் பாதுகாப்பு எல்லாக் கடனுக்கும் கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வங்கிகளும் ரிசர்வ் வங்கியில் பதிவான நிதி நிறுவனங்களும் இந்தச் சுற்றறிக்கைக்குள் வருகின்றன. ஊரில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம் ரிசர்வ் வங்கியின் கீழ் வராது. அதற்குக் கூட்டுறவுத் துறையைத்தான் அணுக வேண்டும். தனியார் அடகுக் கடைக்கு 1943-ஆம் ஆண்டின் அடகுக்காரர் சட்டம் பொருந்தும். கைமாற்றுக் கடனுக்கு எழுதிய தாள்தான் சாட்சி.

2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் புதிய சில்லறைக் கடன்களுக்கும் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான தவணைக் காலக் கடன்களுக்கும் முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கடனாளிக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியிருக்கிறது. எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு விகிதம் அதில் இருக்கும். தமிழில் கேட்டு வாங்குங்கள். ஆனால் அந்தத் தாள் கடன் தொடங்கும்போது கொடுக்கும் வாக்குதான். கடன் முடியும்போது அந்த வாக்கு காப்பாற்றப்பட்டதா என்று பார்ப்பது நம் வேலை.

உங்கள் வீட்டில் முடிந்துபோன நகைக் கடனோ தொழில் கடனோ ஒன்று நிச்சயம் இருக்கும். அதன் கணக்குச் சீட்டை இன்றே எடுங்கள். அசலை ஆண்டு வட்டியால் பெருக்கி, நூறாலும் 365-ஆலும் வகுத்து ஒரு நாள் வட்டியை எழுதுங்கள். முதல் மாதத்து வட்டியையும் கடைசி மாதத்து வட்டியையும் அந்தந்த மாதத்தில் நின்ற அசலின் ஒரு நாள் வட்டியால் வகுங்கள். வரும் நாள், பணம் உங்கள் கையில் இருந்த நாளைவிட அதிகமாக இருந்தால், அந்தப் பணம் உங்களுடையது. எழுதிக் கேளுங்கள்.